ஒரு வாரம் காய்ச்சல், இன்னும் நாலு நாள் ரெஸ்ட்: லீவு லெட்டர்ல தேதியை எப்படி எழுதுறது?

கயல்_ஸ்டோர்ஸ் | திங்கள், மதியம் 2.10

எல்லாருக்கும் வணக்கம். படுத்துக்கிட்டே போன்ல டைப் பண்றேன், தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க.

போன ஞாயிறு, அதாவது 2ஆம் தேதி ராத்திரி காய்ச்சல் ஆரம்பிச்சுது. மறுநாள் 3ஆம் தேதி காலைல மேனேஜருக்கு "சார் காய்ச்சல், இன்னைக்கு வர முடியாது"ன்னு மெசேஜ் போட்டேன், அவரும் ஓகேன்னு சொன்னார். சாதா காய்ச்சல்தான்னு நினைச்சு ரெண்டு நாள் வீட்லயே மாத்திரை போட்டு ஓட்டிட்டேன். உடம்பு வலி தாங்க முடியாம புதன்கிழமை 5ஆம் தேதி டாக்டர்கிட்ட போனேன், ரத்தம் எடுத்தாங்க, டெங்குன்னு வந்துடுச்சு. வெள்ளிக்கிழமை காலைல காய்ச்சல் விட்டுடுச்சு ஆனா பிளேட்லெட் 82,000க்கு எறங்கிடுச்சு, சனிக்கிழமை 78,000. இன்னைக்கு திங்கள் 10ஆம் தேதி மறுபடி பாத்தப்ப 1,25,000 வந்திருக்கு. டாக்டர் "எறங்குறது நின்னு ஏறுது, பயம் இல்ல, ஆனா வியாழக்கிழமை 13 வரைக்கும் ரெஸ்ட்ல இருங்க, வெள்ளிக்கிழமை வேலைக்கு போங்க"ன்னு சொல்லிட்டார்.

மேனேஜர்கிட்ட போன்ல சொன்னேன். "வெள்ளிக்கிழமையே காய்ச்சல் விட்டுடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க, அப்புறம் எதுக்கு இன்னும் நாலு நாள்? எதுவா இருந்தாலும் முறையா லெட்டர் குடுங்க, நான் மேல அனுப்பணும்"னு சொல்லிட்டார். கோபமா சொல்லல, ஆனா நம்பலையோன்னு எனக்கு மனசு கஷ்டமா போச்சு.

நான் எழுதினது இதுதான்:

"ஐயா, கடந்த ஒரு வாரமாக உடல்நிலை சரியில்லாத காரணத்தால் பணிக்கு வர இயலவில்லை. மருத்துவர் மேலும் சில நாட்கள் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார். எனவே எனக்கு விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இது போதுமா? இன்னொரு சிக்கல், டாக்டர் குடுத்த சர்டிபிகேட்ல 5ஆம் தேதிலேர்ந்துதான் போட்டிருக்கு. 3ம் 4ம் அதுல இல்ல. அந்த ரெண்டு நாளுக்கு என்ன பண்றது?

---

முத்து87 | திங்கள், மதியம் 2.31

முதல்ல உடம்ப பாத்துக்கோங்க சிஸ்டர். இது ரொம்ப சிம்பிள், டாக்டர்கிட்டயே போய் "சார் 3ஆம் தேதிலேர்ந்து போட்டு குடுங்க"ன்னு கேளுங்க, போட்டு குடுத்துடுவாங்க, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. அப்புறம் மூணு நாளுக்கு மேல லீவு போனாத்தான் சர்டிபிகேட்டே கேப்பாங்க, அதனால 3, 4 ரெண்டு நாள்தானே, அதுக்கு கேக்கவே மாட்டாங்க.

---

பழைய_லீவு_கிளார்க் | திங்கள், மதியம் 3.05

கயல் அம்மா, நான் 26 வருஷம் லீவு பைல் பாத்த ஆளு, இப்ப ரிட்டயர்டு. உங்க லெட்டரை என் மேஜைல வச்சிருந்தா நான் என்ன பண்ணிருப்பேன்னு சொல்றேன், அதுலேர்ந்தே உங்களுக்கு புரிஞ்சுடும்.

முதல்ல நான் தேடுறது தேதி. உங்க லெட்டர்ல ஒரு தேதி கூட இல்ல. "கடந்த ஒரு வாரமாக"ன்னா, லெட்டர் எழுதுன தேதிலேர்ந்து பின்னாடி எண்ணணும், லெட்டர்லயும் தேதி இல்ல, அப்ப எங்கேர்ந்து எண்ணுறது? "மேலும் சில நாட்கள்"ன்னா எத்தனை? மூணா அஞ்சா? நான் ரிஜிஸ்டர்ல எதைப் போடுவேன்? திருப்பி அனுப்புவேன், இல்லன்னா உங்க மேனேஜருக்கு போன் பண்ணுவேன், அவர் ஞாபகத்துல இருக்குறதை சொல்வார், அது உங்களுக்கு பாதகமா கூட போகலாம்.

ரெண்டாவது, உங்க லீவு பாக்கறதுக்கு ஒரே லீவு மாதிரி இருக்கு, உண்மைல அது ரெண்டு. 3லேர்ந்து 9 வரைக்கும் நீங்க வராம இருந்தது நடந்து முடிஞ்சது, அதுக்கு நீங்க காரணம் சொல்லி ஒப்புதல் கேக்குறீங்க. 10லேர்ந்து 13 வரைக்கும் இனிமே நடக்கப்போறது, அதுக்கு அனுமதி கேக்குறீங்க. முன்னது உடம்பு சரியில்லாம படுத்தது, பின்னது டாக்டர் சொன்ன ஓய்வு. ரெண்டையும் ஒரே வாக்கியத்துல போட்டு கலக்குனா உங்க மேனேஜர் கேட்ட கேள்விதான் வரும், "காய்ச்சல் விட்டுடுச்சே அப்புறம் எதுக்கு"ன்னு. பிரிச்சு எழுதுங்க, ரெண்டுக்கும் தனித்தனி காரணம் சொல்லுங்க, கேள்வியே வராது.

மூணாவது முத்து தம்பி சொன்னது. தம்பி, கோவிச்சுக்காதீங்க, அது பெரிய தப்பு. தனியா எழுதுறேன், கொஞ்சம் இருங்க.

---

சாமி_கண்ணு | திங்கள், மதியம் 3.12

பசங்களுக்கு ஸ்கூல் லீவு லெட்டர்னா டீச்சர்கிட்ட டைரில ஒரு வரி எழுதி கையெழுத்து போட்டா போதும்ங்க, இவ்ளோ எல்லாம் வேணாம். என் பொண்ணுக்கு அம்மை போட்டப்ப அப்படித்தான் பண்ணேன், கொப்புளம் எல்லாம் காஞ்சு பொருக்கு கட்டுனதும் அனுப்புங்கன்னு சொன்னாங்க அவ்ளோதான்.

---

கயல்_ஸ்டோர்ஸ் | திங்கள், மதியம் 3.20

சாமி அண்ணா, பசங்களுக்கு இல்லண்ணா, எனக்குதான் காய்ச்சல். வேலை பாக்குற எடத்துக்கு லெட்டர்.

---

சாமி_கண்ணு | திங்கள், மதியம் 3.24

அடடா சரிம்மா, அவசரமா படிச்சுட்டேன். சீக்கிரம் குணமாகட்டும்.

---

பழைய_லீவு_கிளார்க் | திங்கள், மாலை 3.58

முன்தேதி விஷயம். ஒரு டாக்டர் 5ஆம் தேதி உங்களை முதல்முறையா பாத்தார்னா, 3ஆம் தேதி நீங்க எப்படி இருந்தீங்கன்னு அவருக்கு நேரடியா தெரியாது. அவர் 3லேர்ந்து நான் வைத்தியம் பாக்குறேன்னு எழுதுனா அது பொய் சான்று. நல்ல டாக்டர் எழுத மாட்டார், எழுதுனாலும் உங்க பேப்பரே காட்டிக்குடுத்துடும்.

எப்படின்னு கேளுங்க. என்கிட்ட வந்த ஒரு பைல்ல சர்டிபிகேட்ல "3" ன்னு இருந்துச்சு. தூக்கி வெளிச்சத்துல பாத்தா அது மொதல்ல "5"ஆ இருந்து, மேல இருந்த கோட்டை வளைச்சு 3 ஆக்கிருக்காங்க, அந்த எடத்துல மட்டும் மை கொஞ்சம் தடிமனா இருந்துச்சு. பக்கத்துல டாக்டரோட சுருக்கெழுத்து கையெழுத்து இல்ல. திருத்தம் இருந்தா திருத்தினவர் பக்கத்துல கையெழுத்து போடணும், இல்லன்னா நாங்க ஏத்துக்க மாட்டோம். அதோட கூட லேப் ரிப்போர்ட் இணைச்சிருந்தார், அதுல சாம்பிள் எடுத்த தேதியும் நேரமும் பிரிண்ட் ஆயிருக்கு, 5ஆம் தேதி காலைன்னு. மருந்துக் கடை பில்லும் 5ஆம் தேதி. ரெண்டு பேப்பரும் ஒன்னு சொல்லுது, திருத்துன ஒரு பேப்பர் வேற சொல்லுது. அந்த மனுஷனுக்கு நெஜமாவே உடம்பு சரியில்ல, அது எனக்கும் தெரியும், அவர் கண்ணு மஞ்சளா இருந்ததை நானே பாத்தேன். ஆனா ரெண்டு நாளுக்காக பண்ண வேலைல மொத்த லீவுமே விசாரணைக்கு போயிடுச்சு. எனக்கு இப்பவும் அத நினைச்சா வருத்தம்தான்.

கயலுக்கு இருக்குறது நல்ல நெலமை. 3ஆம் தேதி காலைல மெசேஜ் போட்டிருக்காங்க, மேனேஜர் பதில் சொல்லிருக்கார். அதுவே ஆதாரம். அந்த ரெண்டு நாளுக்கு சர்டிபிகேட் இல்லன்னு நேரா எழுதிடுங்க. சான்று இல்லாத நாளுக்கு என்ன லீவு போடுறதுன்னு அவங்க விதில இருக்கும். சில எடத்துல ரெண்டு நாள் வரைக்கும் சான்று இல்லாமலே சிக் லீவு தருவாங்க, சில எடத்துல மூணு நாள், சில எடத்துல ஒரு நாளுக்கே கேப்பாங்க. முத்து தம்பி சொன்ன மூணு நாள் அவர் எடத்து கணக்கு. இன்னொன்னும் பாக்கணும், அந்த சலுகை பெரும்பாலும் மொத்த லீவும் அத்தனை நாளுக்குள்ள இருந்தாத்தான். இவங்களுக்கு 11 நாள் ஒரே தொடர்ச்சி, அதுல ரெண்டு நாளை தனியா வெட்டி எடுத்து "இதுக்கு சான்று வேணாம்"னு சொன்னா ஒத்துக்கிறது நிச்சயம் இல்ல. அதனால கேட்டு எழுதுங்க.

---

முத்து87 | திங்கள், மாலை 4.15

11 நாளா? 13லேர்ந்து 3 கழிச்சா 10 தானே சார்?

---

பழைய_லீவு_கிளார்க் | திங்கள், மாலை 4.22

நூத்துல பாதி லெட்டர் இந்த எடத்துல தப்பா வரும் தம்பி. 3ம் லீவு நாள்தான், 13ம் லீவு நாள்தான். விரல் விட்டு எண்ணுங்க, 11 வரும். கழிச்சு வர்ற எண்ணோட ஒன்னு கூட்டணும். அதனாலதான் "3 முதல் 13 முடிய, இரு நாட்களும் உட்பட"ன்னு எழுதுறது, அப்புறம் "14 வெள்ளிக்கிழமை பணிக்குத் திரும்புவேன்"னு தனியா ஒரு வரி. கடைசி லீவு நாளையும் திரும்புற நாளையும் ரெண்டையும் எழுதிட்டா யாரும் குழம்ப முடியாது. "13 வரை லீவு"ன்னு மட்டும் எழுதுனா 13ஆம் தேதி காலைல வருவாங்கன்னு ஷிப்டு போடுற மேனேஜர்களை நான் பாத்திருக்கேன்.

---

டூட்டி_நர்ஸ் | திங்கள், மாலை 5.40

இப்பதான் டூட்டி முடிஞ்சு வந்தேன். கயல், மேனேஜர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்றேன், ஏன்னா இந்த கேள்வியை நோயாளியோட வீட்டு ஆளுங்களே எங்ககிட்ட தினம் கேப்பாங்க.

மத்த காய்ச்சல்ல பெரும்பாலும் சூடு எறங்குனா நல்லாயிடுச்சுன்னு அர்த்தம். டெங்குல அப்படி இல்ல. காய்ச்சல் விடுற அந்த நேரத்துலேர்ந்து ஒரு நாள் ரெண்டு நாள்தான் நாங்க ரொம்ப கவனமா பாக்குற நேரம், ரத்தக் குழாய்லேர்ந்து நீர் கசியறதும் பிளேட்லெட் ரொம்ப எறங்குறதும் அப்பதான். கடுமையான வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், அசந்து அசந்து தூங்குறது, இதெல்லாம் அப்ப வந்தா உடனே ஆஸ்பத்திரி. உங்களுக்கு வெள்ளிக்கிழமை காய்ச்சல் விட்டுது, அன்னைக்கும் சனிக்கிழமையும் பிளேட்லெட் கம்மி. அப்ப வெள்ளி, சனி, ஞாயிறு நீங்க வேலைக்கு போற நெலமைல இருந்தீங்கன்னு யாரும் சொல்ல முடியாது.

ஆனா ஒன்னு கவனிங்க, 10லேர்ந்து 13 வரைக்கும் ரெஸ்ட்டுக்கு அந்த காரணத்தை எழுதாதீங்க. ஆபத்தான நேரம் உங்களுக்கு தாண்டிடுச்சு, பிளேட்லெட் ஏறிக்கிட்டு இருக்கு. இப்ப ரெஸ்ட் எதுக்குன்னா அசதிக்கு. டெங்குக்கு அப்புறம் அசதி சிலருக்கு வாரக்கணக்குல கூட இருக்கும். உங்களுக்கு இப்ப எழுந்து நின்னா தலை சுத்துதா? வேலை என்ன வேலை, உக்காந்தா நின்னா?

---

கயல்_ஸ்டோர்ஸ் | திங்கள், மாலை 6.02

ஆமாக்கா சுத்துது. பாத்ரூம் போயிட்டு வரும்போது செவுத்தை புடிச்சுக்கிட்டுதான் வர்றேன். எனக்கு ஸ்டோர்ஸ்ல வேலை, முழு நாளும் நின்னுக்கிட்டு, மேல் ரேக்ல இருக்குற பெட்டியை ஏணி போட்டு ஏறி எடுக்கணும். டாக்டர்கிட்டயும் ஏணி விஷயம் சொன்னேன், அதக் கேட்டுட்டுதான் அவர் "அப்ப வியாழன் வரைக்கும் வேணாம்"னு சொன்னார்.

---

டூட்டி_நர்ஸ் | திங்கள், மாலை 6.10

அதுதான்மா உங்க லெட்டர்ல வரவேண்டிய வரி! காய்ச்சல் இல்ல, ஆனா நின்னா தலை சுத்துது, என் வேலை ஏணி ஏறுற வேலை, அதனால டாக்டர் 13 வரை ஓய்வு சொல்லியிருக்கார். இதைப் படிச்சா எந்த மேனேஜரும் திரும்ப கேக்க மாட்டார், ஏணிலேர்ந்து ஒரு ஆள் விழுந்தா அவருக்குதான் முதல் பிரச்சனை.

டாக்டர் குடுத்த பேப்பரையும் ஒருவாட்டி எடுத்து பாருங்க. நெறைய பேர் மருந்து சீட்டையே சர்டிபிகேட்னு நினைச்சு இணைச்சுடுறாங்க. மருந்து சீட்டுல மாத்திரை பேர்தான் இருக்கும், எத்தனை நாள் வேலைக்கு போகக் கூடாதுன்னு இருக்காது. சர்டிபிகேட்ல உங்க பேர், பாத்த தேதி, எந்த தேதிலேர்ந்து எந்த தேதி வரைக்கும் ஓய்வு, டாக்டர் கையெழுத்து, சீல், பதிவு எண், எழுதி குடுத்த தேதி இவ்வளவும் இருக்கணும். முக்கியமா பாருங்க, 5ஆம் தேதி குடுத்த சர்டிபிகேட்ல எதுவரைக்கும்னு போட்டிருக்கு?

---

கயல்_ஸ்டோர்ஸ் | திங்கள், மாலை 6.25

ஐயோ அக்கா, நல்லவேளை கேட்டீங்க. அதுல "5 முதல் 9 வரை"ன்னுதான் இருக்கு. இன்னைக்கு வாயாலதான் 13 வரைக்கும்னு சொன்னார், மருந்து சீட்டு ஓரத்துல "ரெஸ்ட்"னு மட்டும் எழுதி கோடு போட்டிருக்கார். நான் இதையே குடுத்திருப்பேன்.

---

நிலா_வாசல் | திங்கள், மாலை 6.47

கயல் தயவு செஞ்சு நாளைக்கே வாங்கிடுங்க, எனக்கு இதே மாதிரிதான் ஆச்சு. எனக்கு முதுகு தசை புடிச்சுக்கிட்டு அஞ்சு நாள் லீவு, சர்டிபிகேட் லெட்டர் எல்லாம் கரெக்டா குடுத்தேன், ஒப்புதலும் வந்துச்சு. அஞ்சாவது நாள் டாக்டர் இன்னும் மூணு நாள் படுங்கன்னு சொன்னார், நான் மேனேஜருக்கு போன்ல சொன்னேன், அவங்களும் சரி சரின்னு சொன்னாங்க, அதோட விட்டுட்டேன். நீட்டிப்புக்குன்னு தனி லெட்டர் குடுக்கணும்னு எனக்கு தெரியவே தெரியாது. மாசக் கடைசில அந்த மூணு நாளுக்கு சம்பளம் புடிச்சுட்டாங்க, கேட்டா "தகவல் இல்லாத ஆப்சென்ட்"னு சொல்றாங்க. அந்த மேனேஜர் அதுக்குள்ள வேற பிரிவுக்கு மாறிப் போயிட்டாங்க, போன்ல சொன்னதுக்கு என்கிட்ட ஒரு வரி கூட இல்ல. சம்பளம் போனது கூட போகட்டும், சர்வீஸ்ல தகவல் இல்லாம வரலன்னு பதிவு ஆனதுதான் இன்னும் உறுத்துது.

---

பழைய_லீவு_கிளார்க் | திங்கள், மாலை 7.15

நிலா அம்மா, அந்த மூணு நாளுக்கு டாக்டர் பேப்பர் இன்னும் கைல இருந்தா ஒரு மனு எழுதி பதிவை மாத்த கேளுங்க. நாள் ஆயிருந்தாலும் கேக்கறதுல தப்பில்ல, சம்பளம் இல்லாத லீவாவாவது மாத்திக் குடுத்தா "தகவல் இல்லை"ன்னு இருக்குற வார்த்தை போயிடும்.

கயல், நாளைக்கு டாக்டர்கிட்ட போய் 10 முதல் 13 வரைக்கும் தனி சர்டிபிகேட்டா வாங்குங்க. பழைய சர்டிபிகேட்ல 9ஐ 13ஆ திருத்தி வாங்காதீங்க. உங்களால போக முடியலன்னா வீட்ல யாரையாவது இன்னைக்கு எழுதின சீட்டோட அனுப்புங்க, இன்னைக்குதான் பாத்திருக்கார், குறிப்பு அவர்கிட்ட இருக்கும். அதுல "14 முதல் பணிக்குச் செல்லத் தகுதி"ன்னு சேத்து எழுதுவாரான்னும் கேளுங்க. சில எடத்துல வேலைல திரும்ப சேர தகுதிச் சான்று தனியா கேப்பாங்க, அது இல்லாம கேட்டுலயே நிறுத்துவாங்க. சில டாக்டர் முன்கூட்டியே எழுத மாட்டேன், 14ஆம் தேதி காலைல வாங்க பாத்துட்டு தர்றேன்னு சொல்வாங்க, அதுவும் நியாயம்தான்.

---

மதி_அலசல் | திங்கள், இரவு 8.30

நான் ஒன்னு கேக்கறேன். டெங்குன்னு பேர் போட்டே ஆகணுமா? பிளேட்லெட் எவ்வளவுன்னு எல்லாம் எதுக்கு மேனேஜருக்கு? லெட்டர் மேனேஜர்கிட்ட போகும், அவர் மேல அனுப்புவார், அது அஞ்சு பேர் மெயில்ல சுத்தும். உடம்பு நம்மளோடது. "காய்ச்சல், சிகிச்சையில் இருந்தேன், சான்று இணைப்பில்"னு மட்டும் எழுதுனா போதாதா? இன்னைக்கு டெங்கு பரவால்ல, நாளைக்கு வேற ஏதாவது வெளில சொல்ல முடியாத வியாதின்னா? ஒருத்தர் எழுதுனா அப்புறம் எல்லாரும் எழுதணும்னு வழக்கமாயிடும்.

---

பழைய_லீவு_கிளார்க் | திங்கள், இரவு 8.52

மதி சொல்றதுல ஞாயம் இருக்கு. லீவு குடுக்கறவருக்கு வேண்டியது ரெண்டுதான், வேலை செய்ய முடியாத நெலமையா, எந்த தேதிலேர்ந்து எந்த தேதி வரைக்கும். வியாதி பேர் சர்டிபிகேட்ல இருந்தா அதை மூடின கவர்ல "மருத்துவச் சான்று"ன்னு எழுதி லீவு பிரிவுக்கு நேரா குடுக்கலாம், லெட்டர்ல எழுத வேண்டியதில்ல. பிளேட்லெட் எண்ணிக்கை, ரிப்போர்ட் எல்லாம் கேட்டாலொழிய குடுக்காதீங்க.

ஆனா கயல் விஷயத்துல நான் பேர் எழுதச் சொல்வேன். ஏன்னா "காய்ச்சல்"னு மட்டும் எழுதி 11 நாள் கேட்டா மறுபடி அதே கேள்வி, "விட்டுடுச்சே"ன்னு. டெங்குன்னு ஒரு வார்த்தை வந்தா 11 நாள் அவங்களுக்கே புரிஞ்சுடும்.

---

மதி_அலசல் | திங்கள், இரவு 9.04

புரியறதுக்காக நம்ம வியாதியை சொல்லணும்ங்கறதைத்தான் நான் ஒத்துக்கல சார். சர்டிபிகேட்ல டாக்டர் தேதி போட்டிருக்கார்னா அதை நம்பணும், அவ்ளோதான். கயல் இஷ்டம், ஆனா கட்டாயம்னு நினைச்சு எழுதாதீங்க.

---

டூட்டி_நர்ஸ் | திங்கள், இரவு 9.20

எனக்கு ரெண்டு பேர் பக்கமும் மனசு போகுது. ஆனா தொத்து வியாதியா இருந்தா, அதாவது பக்கத்துல இருக்குறவங்களுக்கு மூச்சுலயோ தொடுறதுலயோ பரவும்னா, சொல்றதுதான் மத்தவங்களுக்கு நல்லது. டெங்கு கொசுவாலதான் பரவும், பக்கத்துல உக்காந்தா வராது. அதனால இது கயல் முடிவுதான்.

---

கயல்_ஸ்டோர்ஸ் | செவ்வாய், காலை 11.15

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தம்பியை அனுப்பி டாக்டர்கிட்ட தனி சர்டிபிகேட் வாங்கிட்டேன், 10 முதல் 13 வரை ஓய்வு, நின்று செய்யும் வேலையும் உயரம் ஏறும் வேலையும் கூடாதுன்னு அவரே எழுதியிருக்கார். தகுதிச் சான்று மட்டும் 14 காலைல நேர்ல வாங்க சொல்லிட்டார். டெங்குன்னு எழுதலாம்னு முடிவு பண்ணிட்டேன், எனக்கு சங்கடம் இல்ல. பிளேட்லெட் எழுதல. ராத்திரி உக்காந்து எழுதினது இது, பாத்து சொல்லுங்க:

"தேதி: 11

பெறுநர்: பிரிவு மேலாளர் அவர்கள்

பொருள்: மருத்துவ விடுப்பு, 3ஆம் தேதி முதல் 13ஆம் தேதி முடிய (இரு நாட்களும் உட்பட), கோருதல் தொடர்பாக.

ஐயா,

2ஆம் தேதி ஞாயிறு இரவு எனக்குக் கடும் காய்ச்சல் தொடங்கியது. 3ஆம் தேதி காலை 7.40 மணிக்குத் தங்களுக்கு மெசேஜ் மூலம் தெரிவித்தேன். காய்ச்சல் குறையாததால் 5ஆம் தேதி மருத்துவரைப் பார்த்தேன். ரத்தப் பரிசோதனையில் டெங்கு என உறுதியானது. 9ஆம் தேதி வரை வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்றேன்.

10ஆம் தேதி மருத்துவர் மீண்டும் பரிசோதித்தார். காய்ச்சல் இல்லை. ஆனால் எழுந்து நின்றால் தலைசுற்றல் இருக்கிறது. என் பணியில் ஏணி ஏற வேண்டியிருப்பதால் 13ஆம் தேதி வரை ஓய்வில் இருக்க அறிவுறுத்தியுள்ளார்.

5 முதல் 9 வரையும், 10 முதல் 13 வரையும் இரு மருத்துவச் சான்றுகள் இணைத்துள்ளேன். 3, 4 ஆகிய இரு நாட்களில் மருத்துவரைப் பார்க்கவில்லை. அந்நாட்களுக்குச் சான்று இல்லை. விதிப்படி அவற்றை எந்த விடுப்பில் சேர்க்கலாமோ அதில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

14ஆம் தேதி வெள்ளிக்கிழமை தகுதிச் சான்றுடன் பணிக்குத் திரும்புவேன். மேல் ரேக் சரக்குப் பட்டியல் என் மேஜை இடது இழுப்பறையில் பச்சை பைலில் உள்ளது. போனில் விவரம் கேட்டால் சொல்கிறேன்.

இப்படிக்கு..."

---

பழைய_லீவு_கிளார்க் | செவ்வாய், மதியம் 12.05

நல்லா வந்திருக்கும்மா. பச்சை பைல் வரி எனக்கு ரொம்ப புடிச்சுது, உங்க மேனேஜருக்கு இன்னைக்கே உபயோகப்படுற வரி அதுதான். ஒரே ஒரு மாத்தம், 3, 4 ரெண்டு நாளுக்கு "எந்த விடுப்பில் சேர்க்கலாமோ"ன்னு அவங்க கைல முழுசா விடாதீங்க. உங்ககிட்ட கேஷுவல் லீவு மிச்சம் இருந்தா "சான்று இல்லாததால் சிக் லீவு இயலாதெனில் என் கணக்கிலுள்ள கேஷுவல் லீவில் சேர்க்கவும்"னு கேளுங்க. நீங்க கேக்கலன்னா லாஸ் ஆஃப் பேல தள்ளுறது சுலபம். சில எடத்துல ஒரே தொடர்ச்சில ரெண்டு வகை லீவை சேக்க விடமாட்டாங்க, அப்படின்னா அவங்களே சொல்வாங்க.

அனுப்பும்போது மெயில்லயும் ஒரு நகல் போடுங்க. பேப்பர்ல மட்டும் குடுத்தா பெற்றுக்கொண்டதுக்கு கையெழுத்தும் தேதியும் வாங்குங்க.

---

முத்து87 | செவ்வாய், மதியம் 12.40

முன்தேதி போடச் சொன்னதுக்கு மன்னிச்சுக்கோங்க சிஸ்டர், யாருக்கும் இனிமே அப்படி சொல்ல மாட்டேன். ஒரு சந்தேகம், 8, 9 சனி ஞாயிறு அவங்களுக்கு வாராந்திர லீவு தானே, அப்ப 11 நாள்ல ரெண்டு கழிச்சு 9 நாள்தானே லீவு கணக்குல போகணும்?

---

பழைய_லீவு_கிளார்க் | செவ்வாய், மதியம் 1.10

இந்தவாட்டி சரியான கேள்வி தம்பி. நடுவுல மாட்டுற விடுமுறையை லீவா எண்ணுறதும் எண்ணாததும் எடத்துக்கு எடம், லீவு வகைக்கு வகை மாறும். நான் இருந்த எடத்துல மெடிக்கல் லீவுன்னா எண்ணுவோம், கேஷுவல்னா எண்ண மாட்டோம். அதனால லெட்டர்ல நாள் எண்ணிக்கை போடாம தேதி மட்டும் போடுறது நல்லது, எண்ணுற வேலை அவங்களோடது. கயல் அப்படித்தான் எழுதிருக்காங்க.

---

மதி_அலசல் | செவ்வாய், மதியம் 1.25

படுத்த படுக்கையா இருந்த ஆளுக்கு ஞாயித்துக்கிழமையையும் லீவுல கழிக்கறது எந்த விதில இருந்தாலும் எனக்கு சரியா படல.

---

கயல்_ஸ்டோர்ஸ் | புதன், மாலை 5.30

மேனேஜர் போன் பண்ணார். "லெட்டர் தெளிவா இருக்கு, ஏணி விஷயம் எனக்கு தோணவே இல்லம்மா, வந்ததும் ஒரு வாரம் கீழ் ரேக் வேலை மட்டும் பாருங்க"ன்னு சொன்னார். பச்சை பைலையும் எடுத்துட்டாராம். 5லேர்ந்து 13 வரைக்கும் சிக் லீவு ஒப்புதல் ஆயிடுச்சு, 3ம் 4ம் கேஷுவல்ல போட்டிருக்காங்க. சனி ஞாயிறை எண்ணுறாங்களான்னு கேட்டேன், லீவு பிரிவுல கேட்டு சொல்றேன்னு சொல்லிருக்கார், இன்னும் பதில் வரல. வெள்ளிக்கிழமை காலைல முதல்ல டாக்டர்கிட்ட போயிட்டு சான்று வாங்கிட்டு அப்புறம் வேலைக்கு போறேன்.

நிலா அக்கா, நீங்க மனு குடுத்தீங்களா?

---

நிலா_வாசல் | புதன், இரவு 9.10

இன்னைக்குதான் பழைய சீட்டை தேடி எடுத்தேன் கயல், டாக்டர் எழுதின "மேலும் 3 நாள்" மங்கலா இருக்கு ஆனா தேதியும் சீலும் தெளிவா தெரியுது. நாளைக்கு எழுதி குடுக்கப்போறேன். சார், மனுல யாரை பெறுநர்னு போடணும், இப்ப இருக்குற மேனேஜரையா, லீவு பிரிவையா?

---

பழைய_லீவு_கிளார்க் | புதன், இரவு 9.32

லீவு பிரிவு பேருக்கு எழுதி, "இப்போதைய மேலாளர் வழியாக"ன்னு போடுங்கம்மா. அப்ப அவர் கையெழுத்து போட்டு மேல அனுப்பியே ஆகணும். சீட்டோட நகலை மட்டும் குடுங்க, அசலை உங்ககிட்ட வச்சுக்கோங்க.